ஆடியில் பாய் விரித்த கப்பல்கள்

ரோமாபுரியில் பிளினி என்றொரு அறிஞர் இருந்தார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்தவர் இவரே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவர் எழுதி முடித்த பெருநூலில், எகிப்திலிருந்து நம் சேரநாட்டு முசிறிக்குக் கப்பலில் செல்வது எப்படி என்று விவரமாகக் குறித்திருக்கிறார். அதில் இரண்டு தேதிகள் வருகின்றன. சிரியஸ் விண்மீன் விடியற்காலையில் முதன்முதலாக அடிவானத்தில் தோன்றும் சமயத்தில், அதாவது ஜூலை நடுவில், எகிப்தின் செங்கடல் துறைமுகத்திலிருந்து புறப்பட வேண்டும். முசிறியிலிருந்து திரும்பும் கப்பல்கள் டிசம்பரில் கிளம்பிவிட வேண்டும். எப்படித் தாமதமானாலும் ஜனவரி 13-ஆம் தேதிக்குள் கிளம்ப வேண்டும்.

இன்றைய நம் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் தேதி ஆடிப் பிறப்பை ஒட்டி வருகிறது. இரண்டாவது தேதி போகிப் பண்டிகையை ஒட்டி வருகிறது. (அன்றைய ரோமானிய நாட்காட்டிக்கும் நம் நாட்காட்டிக்கும் ஓரிரு நாள் வேறுபாடு உண்டு, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

ஒருமுறை வகுப்பில் இந்தத் தேதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் தேதியே கேரளத்துக்கு வந்துவிடுகிறது. அது அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வீசும் காற்று. பிறகு ஏன் அவர்கள் ஜூலை நடுப்பகுதி வரை சும்மா இருந்தார்கள்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அது எவ்வளவு வேகமாக வீசுகிறது, எந்த இடத்தில் எப்போது மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் காற்று ஏன் வீசுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்திருக்கிறீர்கள் அல்லவா? மணல் காலைச் சுடும். நாலடி தள்ளி, அதே வெயிலில் கிடக்கும் கடல்நீர் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு கிராம் மணலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல நாலைந்து மடங்கு வெப்பம் ஒரு கிராம் நீருக்குத் தேவை. போதாக்குறைக்கு, அலைகள் மேல்நீரையும் அடிநீரையும் கலக்கிக்கொண்டே இருப்பதால், கிடைத்த வெப்பம் ஆழத்துக்கும் பங்கிடப்படுகிறது. மணலிலோ மேற்பரப்பு மட்டுமே சூடேறுகிறது. ஆகவே கோடையில் ஆசியாவின் பெருநிலப்பரப்பு தெற்கேயுள்ள கடலைக் காட்டிலும் வெகுவாகச் சூடாகிவிடுகிறது. நிலத்தின் மீதுள்ள காற்று இலேசாகி மேலெழும்ப, அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த கடலின் பக்கமிருந்து காற்று நிலத்தை நோக்கி விரைகிறது. குளிர்காலத்தில் இது தலைகீழாகிறது.

பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. ஆனால் இந்த விளக்கத்தின்படி காற்று நேர் தெற்கிலிருந்து வடக்கே வீச வேண்டும். அப்படி வீசினால் கப்பலை ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அது கொண்டு வந்து சேர்க்காது. தென்மேற்கு என்னும் திசை எங்கிருந்து வந்தது?

பூமி சுழல்வதால் வந்தது. நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர், தாம் அசையாமல் நிற்பதாக எண்ணிக்கொண்டே, மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழன்றுகொண்டிருக்கிறார். வடக்கே 20 டிகிரி அட்சத்தில் நிற்பவரின் வேகம் ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர்தான். அங்கே பூமியின் சுற்றளவு சிறியது. இப்போது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே புறப்படும் காற்றை நினைத்துப் பாருங்கள். நிலநடுக்கோட்டின் கிழக்கு வேகத்தை அது தன்னுடன் எடுத்துக்கொண்டே வருகிறது. அடியிலுள்ள நிலமோ வரவர மெதுவாகச் சுழல்கிறது. ஆகவே காற்று நிலத்தை முந்திக்கொண்டு கிழக்கே சாய்கிறது. வடக்கே போகப் புறப்பட்ட காற்று வடகிழக்கே போகிறது. அது தென்மேற்கிலிருந்து வருவதால் தென்மேற்குக் காற்று எனப் பெயர் பெறுகிறது.

இந்தக் காற்று உண்மையில் நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே, மடகாஸ்கர் பக்கத்திலிருந்து, தென்கிழக்குக் காற்றாகப் புறப்பட்டு வருகிறது. கென்யா, எத்தியோப்பியா நாடுகளின் மேட்டுநிலங்கள் அதற்கு மேற்கே ஒரு சுவர்போல் நிற்கின்றன. அந்தச் சுவரை ஒட்டி நெருக்குண்டு வடக்கே திரும்பும் காற்று, சோமாலியக் கரையை ஒட்டி ஓர் ஆறுபோல வேகமெடுத்து அரபிக்கடலில் பாய்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் உச்சத்தை அடைவதை 1960-களில் ஃபின்ட்லேட்டர் என்ற வானிலை அறிஞர் அளந்து காட்டினார். ஜூலையில் அரபிக்கடலின் மேற்குப் பகுதியில் கடல்மட்டக் காற்றே சராசரியாக மணிக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். செப்டம்பர் நடுவில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். அக்டோபரில் காற்று ஓய்ந்து, திசை தடுமாறி, பின்னர் வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும்.

"பாதி" என்ற சொல்லை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். காற்று ஒரு பாயின் மீது செலுத்தும் விசை, காற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி அமைகிறது. வேகம் பாதியானால் விசை நாலில் ஒரு பங்காகிறது. ஜூலையில் பாய்மரத்தை முறிக்கக்கூடிய காற்று, செப்டம்பரில் கப்பலைத் தாலாட்டிக்கொண்டு போகும்.

சரி, இப்போது மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆண்டு ஜூன் மூன்றாம் வாரத்தில் கொடுங்கல்லூர் அருகே, பெரியாறு கடலில் கலக்குமிடத்துக்குப் போயிருந்தேன். முசிறி இருந்ததாகக் கருதப்படும் பகுதி அதுதான். ஆறு செந்நிறமாகப் பெருகி வந்தது. கடலிலிருந்து வரும் அலைகள் முகத்துவாரத்து மணல்திட்டில் மோதி வெள்ளை வெளேரென்று உடைந்தன. கரையில் நின்ற வயதான மீனவர் ஒருவரிடம், "இப்போது ஒரு பாய்க்கப்பல் உள்ளே வர முடியுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வரலாம், திரும்பிப் போகாது" என்றார். பௌதிகம் படித்தவனுக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையில்லை.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். ரோமானியக் கப்பல்களில் பெரும்பாலும் நடுமரத்தில் ஒரு பெரிய சதுரப் பாய் கட்டியிருப்பார்கள். பின்னாலிருந்தோ, பின்பக்கம் சாய்ந்தோ காற்று வந்தால் அது அற்புதமாக வேலை செய்யும். எதிர்காற்றில் அது பெரும்பாலும் உதவாது. தென்மேற்குக் காற்று மலையாளக் கரையை நோக்கி வீசுகிறது. கரையை நெருங்கிவிட்ட கப்பல் ஏதோ காரணத்தால் விலகிப் போக நினைத்தாலும் முடியாது. காற்றும் அலையும் சேர்ந்து அதைக் கரையில் கொண்டுபோய் மோதிவிடும். அதோடு, முசிறித் துறை கடலோரத்திலேயே இருக்கவில்லை. ஆற்றுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பெரிய கப்பல்கள் கடலில் தொலைவாக நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின என்று பிளினி குறிப்பிடுகிறார். மூன்று மீட்டர் உயர அலையில் ஒரு கப்பலின் பக்கத்தில் படகை நிறுத்தி மிளகு மூட்டைகளை ஏற்றிப் பாருங்களேன்!

ஆக, அந்தக் காற்று இல்லாமல் வரவும் முடியாது. அது முழு வலுவோடு இருக்கும்போது வந்து சேரவும் கூடாது. அது தளர்ந்து, ஆனால் இன்னும் நின்றுவிடாமல் இருக்கும் சில வாரங்களில் கரைக்கு வந்து சேர வேண்டும். அதாவது செப்டம்பர். பின்வரிசை மாணவனின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. புறப்படும் தேதியை அவர்கள் முதலில் முடிவு செய்யவில்லை. வந்து சேர வேண்டிய தேதியை முடிவு செய்துவிட்டு, பின்னோக்கி எண்ணினார்கள்.

நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிளினி தரும் நாட்கள் இவை. அலெக்சாந்திரியா நகரிலிருந்து நைல் நதியில் தெற்கே கோப்டாஸ் என்ற ஊர் வரை 12 நாள். நதி வடக்கே ஓடுகிறது. ஆனால் கோடையில் அங்கே வடகாற்று வீசுவதால் படகுகள் பாய் விரித்து நீரோட்டத்தை எதிர்த்துப் போகலாம். கோப்டாஸிலிருந்து பெரனிகே துறைமுகம் வரை பாலைவனத்தில் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். ஒட்டகங்களில் சரக்கை ஏற்றி, பகல் வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே நடந்து, அதற்கும் 12 நாள். பெரனிகேயில் ஜூலை நடுவில் கப்பலேறினால், செங்கடலின் தென்வாயிலை ஒட்டியுள்ள ஓகெலிஸ் வரை 30 நாள். செங்கடல் முழுவதிலும் கோடையில் வடகாற்று வீசுவதால் இந்தப் பகுதியில் சிரமமில்லை. ஆகஸ்ட் நடுவில் ஓகெலிஸ். அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். ஆகஸ்ட் 15-உடன் 40 நாள் கூட்டினால் செப்டம்பர் 24.

காற்று தளரும் காலத்துக்குக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பார்த்தீர்களா? ஆனால் நான் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டாம், வகுத்துப் பாருங்கள். ஓகெலிஸிலிருந்து முசிறி ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர். 40 நாளில் என்றால் நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர். மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. மனிதன் நடக்கும் வேகமே மணிக்கு ஐந்து கிலோமீட்டர்! பலத்த காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு இரவு பகலாக ஓடும் கப்பல் இவ்வளவு மெதுவாகப் போகாது. மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் என்று வைத்தாலும் 20 நாளில் வந்துவிடும். ஆகவே தண்ணீர் எடுக்கவும் காற்றுக்குக் காத்திருக்கவும் ஏடன் வளைகுடாத் துறைகளில் கழித்த நாட்களும் இந்த 40-இல் சேர்ந்திருக்கலாம். அல்லது எண்ணே பிழையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 20 நாள் என்று கொண்டால், ஆகஸ்ட் பிற்பகுதியில் திறந்த கடலில் இறங்கினாலே போதும். செப்டம்பர் நடுவில் கரை தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் பிற்பகுதியிலும் அரபிக்கடலில் காற்று மென்மையாக இராது. அதே முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த, பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கையேட்டை எழுதியிருக்கிறார். இந்தக் காற்றில் கடலைக் கடப்பது ஆபத்தானது, ஆனாலும் வழி நேரானது, பயணம் விரைவில் முடியும் என்பது அவர் கருத்து. கரை ஓரமாகவே வந்தால் அரேபியா, பாரசீகம், சிந்து எனச் சுற்றி வர வேண்டும். ஆபத்தை ஏற்றுக்கொண்டு நேரத்தை மிச்சம் பிடித்தார்கள். அதற்கேற்ப, அவர்களுடைய கப்பல்கள் பெரிதாகவும் உறுதியாகவும் கட்டப்பட்டிருந்தன.

காற்று பயணத்தின் தேதியை மட்டும் தீர்மானிக்கவில்லை, பாதையையும் தீர்மானித்தது. ரோமானியரின் கடல்வழி மூன்று கட்டங்களாக மாறியது என்று பிளினி சொல்கிறார். முதலில் அரேபியாவின் தென்கரையிலுள்ள ஃபர்தாக் முனையிலிருந்து சிந்து நதியின் முகத்துவாரத்துக்குச் சென்றார்கள். பிறகு அதற்குத் தெற்கே, இந்திய மேற்குக் கரையின் ஒரு துறைக்குச் சென்றார்கள். கடைசியில்தான் நேராக முசிறிக்கு வந்தார்கள்.

இதை உங்கள் பூகோளப் படத்தில் வரைந்து பாருங்கள். ஒரு தாளில் அரபிக்கடலை வரைந்து, தென்மேற்கிலிருந்து வடகிழக்கே செல்லும் ஓர் அம்புக்குறியைக் காற்றாகப் போடுங்கள். ஃபர்தாக் முனையிலிருந்து சிந்து முகத்துவாரத்துக்கு ஒரு கோடு இழுத்தால், அது ஏறத்தாழ அம்புக்குறியோடு ஒன்றிப் போகும். அந்த வழியில் காற்று நேர்பின்னால் இருக்கிறது. பாயை விரித்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தால் போதும். இப்போது ஆப்பிரிக்காவின் கிழக்கு மூக்கான குவார்டஃபூய் முனையிலிருந்து முசிறிக்குக் கோடு இழுங்கள். அது ஏறத்தாழ நேர்கிழக்கே போகிறது. காற்றின் திசைக்கும் கப்பலின் திசைக்கும் இடையே 45 டிகிரிக்கும் சற்று மேற்பட்ட கோணம் விழுகிறது. கப்பல் கிழக்கே போக நினைக்கிறது; காற்று அதைக் கிழக்கே தள்ளுவதோடு, ஏறக்குறைய அதே அளவு விசையோடு வடக்கேயும் தள்ளுகிறது. வடக்கே தள்ளும் பங்கை, பாயைச் சாய்த்துப் பிடித்தும், சுக்கானை இடைவிடாமல் திருப்பிப் பிடித்தும், நீருக்குள் இருக்கும் கப்பலின் அடிப்பாகத்தின் பக்கவாட்டு எதிர்ப்பினாலும் ஈடுகட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கப்பல் முசிறிக்குப் பதிலாகக் கொங்கணக் கரையில் போய் நிற்கும். முசிறிக்குப் போகிறவர்கள் கப்பலின் கழுத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் பெரிப்ளூஸ் ஆசிரியர் ஆளுகிறார். அடங்காத மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எளிதான கோட்டை முதலிலும் கடினமான கோட்டைக் கடைசியிலும் கற்றுக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். மிளகு விளையும் இடம் முசிறிக்குப் பின்னாலுள்ள மலைகள் என்பதால் அந்தக் கடின வழிக்கு மதிப்பு இருந்தது.

இந்தக் காற்றை ஹிப்பாலஸ் என்ற மீகாமன் "கண்டுபிடித்தான்" என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. துறைமுகங்கள் எங்கெங்கே உள்ளன, கடல் எப்படி வளைந்திருக்கிறது என்பதை யோசித்து, திறந்த கடலில் குறுக்கே போகும் வழியை அவன் கண்டான் என்றுதான் பெரிப்ளூஸ் சொல்கிறது. காற்று வீசுவது இந்தியருக்கும் அரபியருக்கும் முன்பே தெரிந்த செய்தி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கடலில் கரையொதுங்கிய இந்திய மாலுமி ஒருவன் வழிகாட்ட, யூடோக்ஸஸ் என்ற கிரேக்கர் இந்தியாவுக்குப் பயணம் செய்ததாக ஸ்டிராபோ எழுதி வைத்திருக்கிறார். நம் புறநானூற்றின் 66-ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் காற்றைத் தன் வசப்படுத்திக் கடலில் கப்பல் செலுத்தியவன் என்று பாராட்டுகிறார். பருவக்காற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மான்சூன்' என்ற பெயரே, பருவம் என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

திரும்பும் பயணத்துக்கு வருவோம். செப்டம்பரில் வந்த கப்பல் உடனே திரும்ப முடியாது. காற்று இன்னும் மேற்கிலிருந்து வருகிறது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் பொன்னும் மதுவும் இறங்கின. மிளகும் யானைத் தந்தமும் முத்தும் ஏறின. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. நவம்பருக்குப் பின் ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து, வடகிழக்கிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. சைபீரியாவின் கடுங்குளிர்க் காற்றை இமயமலை தடுத்துவிடுவதால், நம் பக்கம் வந்து சேரும் காற்று கோடைக்காற்றின் வேகத்தில் பாதிகூட இராது. வானம் தெளிந்திருக்கும், இரவில் விண்மீன்களைப் பார்த்துக் கப்பல் செலுத்தலாம். போகும் வழி வந்த வழியைவிட மிகவும் சாதுவானது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வரும்போது கப்பல் கிழக்கே பார்த்துக்கொண்டு வருகிறது. காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கப் பின்புறத்திலிருந்து அடிக்கிறது. திரும்பும்போது கப்பல் மேற்கே பார்த்துக்கொண்டு போகிறது. காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அதுவும் வலப்பக்கப் பின்புறமே! மாலுமிகள் இரு பயணத்திலும் பாயை ஒரே பக்கமாகத்தான் சாய்த்துக் கட்டியிருப்பார்கள்.

ஆனால் வழியின் கடைசிப் பகுதியில் ஒரு சிக்கல் காத்திருந்தது. செங்கடலின் தென்பாதியில் குளிர்காலத்தில் தெற்கிலிருந்து காற்று வீசும். கப்பலுக்கு அது துணை. ஏறத்தாழ 20 டிகிரி அட்சத்தைத் தாண்டினால், ஆண்டு முழுவதும் வடகாற்றுதான். போகும்போது உதவிய அதே காற்று திரும்பும்போது முகத்தில் அறையும். சதுரப் பாய்க்கு இது தீராத தொல்லை. எகிப்தியத் துறைமுகங்களின் இருப்பிடம் இதனால்தான் விசித்திரமாக இருக்கிறது. சூயஸை ஒட்டித் துறைமுகம் வைத்திருந்தால் அலெக்சாந்திரியாவுக்கு மிக அருகில் இருந்திருக்கும். பெரனிகேயோ ஏறத்தாழ 24 டிகிரியில், எங்கோ தெற்கே, குடிநீருக்கே திண்டாடும் பாலைவனக் கரையில் இருக்கிறது. வடக்கே 26 டிகிரியில் மயோஸ் ஹார்மோஸ் என்ற மற்றொரு துறைமுகமும் இருந்தது. அங்கிருந்து நைல் நதிக்கு ஒட்டகம் ஒரு வாரத்தில் போய்விடும்; பெரனிகேயிலிருந்து 12 நாள். ஆனால் பெரனிகேயில் இறங்கினால், கப்பல் எதிர்காற்றில் திண்டாடும் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் மிச்சம். ஒட்டகத்துக்கு எந்தத் திசைக் காற்றும் ஒன்றுதானே!

தேதி தவறினால் என்ன ஆகும்? வரும்போது தாமதித்து, அக்டோபரில் நடுக்கடலில் இருந்தால் காற்றில்லாமல் நிற்க வேண்டியதுதான். அல்லது அரேபியத் துறை எதிலாவது அடுத்த ஆண்டுவரை காத்துக் கிடக்க வேண்டும். திரும்பும்போது தாமதித்தால் மார்ச்சுக்குள் வடகிழக்குக் காற்று தேய்ந்துவிடும். செங்கடலின் தென்காற்றும் கைவிடும். ஒரு மாதத் தாமதம் ஓர் ஆண்டு நட்டமாக முடியும். அந்த நட்டம் எத்தகையது என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. 1985-இல் வெளியிடப்பட்டு இப்போது வியன்னாவில் பாதுகாக்கப்படும் ஒரு பாபிரஸ் ஏட்டில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறிப் பயணக் கடன் ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டுள்ளது. பின்புறத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு கணக்கிடப்பட்டிருக்கிறது. அது ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ். அந்நாளில் ரோமானியப் படைவீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 5,800 வீரர்களின் ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். அத்தனையும் கடன் வாங்கிய பணத்தில் ஓடுகிறது என்றால், கடன்காரர் ஜூலை மாதத்தில் எத்தனை முறை வானத்தைப் பார்த்திருப்பார்!

இதுவரை எகிப்திலிருந்து வந்தவர்களின் கால அட்டவணையைப் பார்த்தோம். முசிறியிலிருந்து தம் சொந்தக் கப்பலில் மேற்கே போன நம்மவர்களுக்கு அதே காற்று வேறோர் அட்டவணையை வகுத்தது. அவர்கள் மார்கழியில் புறப்பட்டு, ஓரிரு மாதத்தில் மேற்குத் துறைகளை அடைந்திருப்பார்கள். திரும்புவதற்குத் தென்மேற்குக் காற்று வர வேண்டும். அது தளரும்வரை பொறுக்கவும் வேண்டும். ஆக, யவனர்கள் இங்கே மூன்று மாதம் காத்திருந்தால், நம்மவர்கள் அங்கே ஆறேழு மாதம் காத்திருக்க நேர்ந்தது.

அப்படிக் காத்திருந்தவர்களின் தடயங்கள் அகப்பட்டிருக்கின்றன. குவார்டஃபூய் முனைக்குக் கிழக்கே ஸொகோட்ரா என்ற தீவு இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்தத் தீவைச் சுற்றிக் கடல் கொந்தளிக்கும். கப்பல் அசைய முடியாது. அங்கே ஹோக் என்னும் ஆழமான குகையில், 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஆய்வாளர்கள் தீவட்டி எச்சங்களையும், சுவரில் கிறுக்கிய நூற்றுக்கணக்கான எழுத்துகளையும் கண்டார்கள். பெரும்பாலானவை இந்திய பிராமி எழுத்துகள். வந்தவர்கள் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். செங்கடற்கரையில் மயோஸ் ஹார்மோஸ் இருந்த குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓர் உடைந்த பானையில் தமிழ் பிராமியில் இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பானை வைக்கும் உறி என்று அதற்குப் பொருள் கூறுகிறார்கள். பெரனிகேயின் கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே இருந்தது.

உறியில் பானையைத் தொங்கவிட்டவர் யாரோ, அங்கே எத்தனை மாதம் சமைத்துச் சாப்பிட்டாரோ! ஆவணியில் காற்று தளர்ந்து கடல் வழிவிட்ட பிறகுதான் அவரால் ஊர் திரும்பியிருக்க முடியும்.